ஜூன் மாதக் காய்ச்சலும் செப்டம்பர் மாதப் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு 31 வயது, மனைவிக்கு 27. கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஜூன் 10 முதல் ஆறு நாள் கடுமையான காய்ச்சல், 104 டிகிரி வரை போனது. குழந்தைக்காக ஜூலை 24 அன்று விந்துப் பரிசோதனை செய்தோம். மாதிரியை வீட்டிலேயே எடுத்துக் கோவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மில்லிக்கு 7 மில்லியன், அசைவு 18 சதவீதம் என்று வந்தது. எஃப்.எஸ்.எச். 4.6, எல்.எச். 4.1, டெஸ்டோஸ்டிரோன் 410. ஹார்மோன் எல்லாம் சரி, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறார் மருத்துவர். ஏன் மூன்று மாதம்? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சீக்கிரம் ஏறிவிடும் என்று உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் சொல்கிறார். போடலாமா?

பதில்: ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. போடாதீர்கள். ஒன்றுகூடப் போடாதீர்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் ஆண் செய்யக்கூடாத காரியங்களில் அதுதான் முதலாவது. ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். விந்தணு உருவாகும் கணக்கு புரிந்தால்தான் அந்த விளக்கமும் புரியும்.

நான் விந்துப் பரிசோதனைக் கூடத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன், இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற அறிக்கைகளைப் பலமுறை கையில் வாங்கியிருக்கிறேன். அவற்றில் எண்களைவிட முதலில் நான் பார்ப்பது தேதியை. மாதிரி எடுத்த தேதி என்ன, அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஜூலை 24 அன்று வெளிவந்த விந்தணு அன்றோ, அதற்கு முந்தைய வாரமோ உருவானதல்ல. விந்தகத்துக்குள் மெல்லிய குழாய்கள் சுருண்டு சுருண்டு நிரம்பியிருக்கின்றன. அவற்றின் வெளிச்சுவரை ஒட்டி மூல செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிரிந்து பெருகத் தொடங்கும் நாளிலிருந்து, தலையும் வாலும் உள்ள விந்தணுவாகக் குழாயின் நடுவில் வந்து விழும் நாள் வரை சுமார் 74 நாட்கள் ஆகும். ஊகமாகச் சொன்ன எண்ணல்ல இது. 1963-இல் ஹெல்லர், க்ளெர்மாண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிரியும் செல்களில் மட்டும் சேரக்கூடிய கதிரியக்கப் பொருளைத் தன்னார்வலர்களின் விந்தகத்தில் செலுத்தினார்கள். பிறகு வெவ்வேறு நாட்களில் சிறு திசுத் துண்டு எடுத்து, அடையாளமிட்ட செல்கள் எந்தப் படிக்கு வந்திருக்கின்றன என்று பார்த்துக் கணக்கிட்டார்கள். பாடப்புத்தகங்களில் இருக்கும் 74 அங்கிருந்து வந்ததுதான்.

இந்த 74 நாட்களை ஏறக்குறைய மூன்று சமபங்காக நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் மூன்றரை வாரம். முதல் பங்கில் செல்கள் வெறுமனே பெருகுகின்றன. இரண்டாவது பங்கில் குன்றல் பகுப்பு நடக்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் 46 குரோமோசோம்களை 23 ஆகப் பாதியாக்கிக்கொள்ளும் நீண்ட, நுட்பமான வேலை அது. மூன்றாவது பங்கில் பிரிவே கிடையாது. உருண்டையாக இருக்கும் செல் நீண்டு, தலை இறுகி, வால் முளைத்து, வேண்டாத சதையை உதறிவிட்டு விந்தணுவாகிறது.

அதோடு முடிவதில்லை. விந்தகத்தை விட்டு வெளியேறும்போது அந்த விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விந்தகத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழாய் வழியாக மெல்ல நகரும்போதுதான் அசையும் திறன் வருகிறது. இந்தப் பயணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குச் சில நாட்கள் போதும், சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகும். 74 நாட்களோடு இதைக் கூட்டினால் ஏறக்குறைய 80 முதல் 90 நாட்கள். உங்கள் மருத்துவரின் மூன்று மாதம் இந்தக் கூட்டல்தான்.

உங்கள் தேதிகளுக்கு வருகிறேன். ஜூலை 24 மாதிரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எபிடிடிமிஸுக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டால், அந்த விந்தணுக்கள் விந்தகத்தை விட்டு வெளியேறியது ஜூலை 14 வாக்கில். உருமாறும் மூன்றாவது பங்குக்கு 24 நாள் கழித்தால் ஜூன் 20. அதாவது ஜூன் 10 முதல் 15 வரை நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது, இந்த விந்தணுக்களின் முன்னோடி செல்கள் சரியாகக் குன்றல் பகுப்பின் பின்பாதியில் இருந்தன.

வெப்பத்துக்கு அஞ்சும் பருவம் அதுதான். விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குவதன் காரணமே, உடலைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அதன் வேலை நடக்கும் என்பது. உடல் 40 டிகிரி செல்சியஸில், அதாவது உங்கள் 104 பாரன்ஹீட்டில், நாள்கணக்கில் கொதித்தால் விந்தகத்தால் அந்த இடைவெளியைக் காப்பாற்ற முடியாது. குன்றல் பகுப்பில் இருக்கும் செல்களும், உருமாறத் தொடங்கிய இளம் உருண்டைச் செல்களும் கணிசமாக மடிந்துபோகும். சுவரை ஒட்டிய மூல செல்கள் தாங்கிக்கொள்ளும். நல்ல செய்தியே அதுதான், ஏனென்றால் வரிசை மறுபடியும் அங்கிருந்துதான் நிரம்பும்.

நம் பக்கத்தில் வாரம் ஒரு பாத்தியாகக் கேரட் விதைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் ஒரே ஓர் இரவு கடும் உறைபனி விழுந்தால், பிடுங்கத் தயாராக மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பெரும்பாலும் தப்பிக்கும், அன்று விதைத்ததும் தப்பிக்கும், நடுவில் இளந்தழையோடு நிற்கும் பாத்திகள்தான் கருகும். மறுநாள் சந்தைக்குப் போகும் மூட்டையில் குறைவு தெரியாது. அந்தக் கருகிய பாத்திகளின் முறை வரும்போதுதான் மூட்டை குறையும். விந்தகத்திலும் எல்லா வயதுச் செல்களும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அதனால்தான் காய்ச்சல் விட்ட மறுவாரம் பரிசோதித்தால் எண்ணிக்கை ஏறக்குறைய சாதாரணமாகவே வரக்கூடும். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை பள்ளம். நீங்கள் பரிசோதித்தது 44-ஆவது நாள், பள்ளத்தின் நடுவில். அந்தத் தேதியில் 7 மில்லியன் வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அப்படியானால் காய்ச்சலின் நிழல் படாத முதல் விந்தணு எப்போது வரும்? ஜூன் 16 அன்று புதிதாகத் தொடங்கிய செல்லுக்கு 74 நாளும் பத்து நாளும் கூட்டினால் செப்டம்பர் 8. நாள்கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் எடுக்கும் மாதிரி நம்பத்தகுந்தது. இங்கே பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தைப் பரிசோதனைத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். பாதிப்பு நின்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். அக்டோபர் கடைசி வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் காய்ச்சல் தேதியைத் தெளிவாகச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டுச் செப்டம்பர் இறுதியில் செய்யலாமா என்று கேளுங்கள்.

இனி ஹார்மோன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு துடிப்பாக ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விந்தகத்துக் குழாய்களுக்கு வெளியே இருக்கும் லீடிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்கிறது. எஃப்.எஸ்.எச். குழாய்களுக்கு உள்ளே இருக்கும் செர்டோலி செல்களிடம் போகிறது. இந்தச் செர்டோலி செல்கள் செவிலித்தாய் மாதிரி. வளரும் ஒவ்வொரு விந்துச் செல்லும் ஒரு செர்டோலி செல்லின் மடியில் ஒட்டிக்கொண்டுதான் 74 நாளையும் கடக்கிறது. உணவு, இரும்புச்சத்து, கழிவை அகற்றுதல் எல்லாம் அவள் வேலை.

டெஸ்டோஸ்டிரோனும் அந்தச் செர்டோலி செல் வழியாகத்தான் வேலை செய்கிறது. குன்றல் பகுப்பு முடிவதற்கும், உருண்டைச் செல்கள் பாதியில் கழன்று விழாமல் மடியில் ஒட்டியிருப்பதற்கும் அது வேண்டும். ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவு அதற்குப் போதாது. விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு, ஏறக்குறைய நூறு மடங்கு வரை செறிவாக இருக்கிறது. லீடிக் செல்கள் பக்கத்திலேயே சுரப்பதால் கிடைக்கும் செறிவு அது. வெளியிலிருந்து எந்த ஊசியாலும் அதைக் கொண்டுவர முடியாது.

உங்கள் நண்பர் சொன்ன ஊசி என்ன செய்யும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஊசியால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். மூளை அதைப் பார்த்து, தேவைக்கு மேல் இருக்கிறது என்று எண்ணி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும். எல்.எச். இல்லாமல் லீடிக் செல்கள் சுரப்பதை நிறுத்தும். ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 900 காட்டும்போது விந்தகத்துக்குள் வறட்சி. விந்தணு எண்ணிக்கை சரியும், பலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்ட ஆரோக்கியமான ஆண்களில் பெரும்பான்மையோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. கருத்தடைக்காகச் சோதித்த மருந்தைக் குழந்தைக்காகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் உங்கள் நண்பர். அவர் கெட்டெண்ணத்தில் சொல்லவில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஆண்மை ஹார்மோன், ஆகவே விந்தணுவும் கூடும் என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருக்கிறது.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும், ஆனால் உடனே அல்ல. இத்தகைய கருத்தடைச் சோதனைகளில் பங்கேற்றவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மில்லிக்கு 20 மில்லியன் என்ற அளவுக்குத் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டில் பத்தில் ஒன்பது பங்கு. கூடலூரிலிருந்து ஒரு தம்பதி எங்களிடம் வந்தது நினைவிருக்கிறது. கணவர் உடல்கட்டுக்காக எட்டு மாதம் ஊசி போட்டவர். பூஜ்யம். நிறுத்திய நான்காவது மாதமும் பூஜ்யம். ஏழாவது மாதம் கண்ணாடித் தகட்டில் இரண்டே இரண்டு அசைவதைப் பார்த்தேன். பதினான்காவது மாதம்தான் 18 மில்லியன் வந்தது. அந்த இளம்பெண் ஒவ்வொரு முறையும் அறிக்கைக்காக வாசலில் நின்றிருந்ததை மறக்க முடியவில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது மூன்று மாதக் காத்திருப்பு. அதை ஓராண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

சரி, வேறு ஏதாவது ஹார்மோன் கொடுத்து வேகப்படுத்த முடியாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஹார்மோன் எத்தனை செல்கள் பிழைத்து முடிவுவரை வருகின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை நாளில் வருகின்றன என்பதை அல்ல. அந்தக் கடிகாரம் விந்துச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எலியின் விந்து மூல செல்களைச் சுண்டெலியின் விந்தகத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுண்டெலிக்கு வேகம் அதிகம், எலிக்குக் குறைவு. சுண்டெலியின் செர்டோலி செல்கள் மடியில் வளர்ந்தபோதும், சுண்டெலியின் ஹார்மோன்கள் ஓடியபோதும், எலிச் செல்கள் எலியின் வேகத்திலேயே வளர்ந்தன.

உங்கள் ஹார்மோன் எண்கள் என்ன சொல்கின்றன? செர்டோலி செல்கள் நன்றாக இயங்கும்போது இன்ஹிபின் பி என்ற பொருளைச் சுரந்து, போதும் என்று பிட்யூட்டரிக்குச் சொல்கின்றன. குழாய்கள் வெறிச்சோடினால் அந்தக் குரல் குறையும், எஃப்.எஸ்.எச். ஏறும். எண்ணிக்கை குறைந்து எஃப்.எஸ்.எச். 18, 20 என்று இருந்தால் விந்தகமே தளர்ந்திருக்கிறதோ என்று கவலைப்படுவேன். மாறாக எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் அடியில் கிடந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம். அந்தச் சிலருக்கு மட்டும் எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியும், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் உண்மையான மருந்து. அவர்களுக்கும் விந்தணு தலைகாட்டச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். உங்களுடைய 4.6 இரண்டு பக்கமும் சேராதது. காய்ச்சலின் தற்காலிகப் பள்ளம் என்ற கணக்குக்கு அது பொருந்துகிறது. ஆனாலும் எஃப்.எஸ்.எச். சரியாக இருப்பது முழு உத்தரவாதமல்ல. வழி அடைத்திருந்தாலும், செல்கள் ஏதோ ஒரு படியில் நின்றுபோனாலும் அது சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் மறுபரிசோதனை கட்டாயம்.

அந்த 18 சதவீத அசைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காய்ச்சலின் பங்கு எவ்வளவு, மலைப்பாதையின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம். மாதிரியை எடுத்த அரைமணியில் பார்க்கத் தொடங்க வேண்டும், அதிகபட்சம் ஒரு மணி நேரம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை சேர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போதாததற்கு ஜூலை மாதக் குளிர். மாதிரி 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது. பையில் போட்டு பஸ் ஜன்னலோரம் வைத்திருந்தால் நிச்சயம் போயிருக்கும். தாமதத்தாலும் குளிராலும் எண்ணிக்கை குறைவதில்லை, அசைவு குறையும். ஆகவே உங்கள் 7 மில்லியனை நம்புகிறேன், 18 சதவீதத்தை நம்பவில்லை. அடுத்த முறை கோவைக்கே போய், பரிசோதனைக் கூடத்து அறையிலேயே எடுத்துக்கொடுங்கள். சங்கடமாக இருந்தால் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, குப்பியைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்து அரைமணிக்குள் கொண்டுபோங்கள். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு மிக அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உறவில்லாத நாட்கள் இரண்டுக்குக் குறையாமலும் ஏழுக்கு மிகாமலும் இருக்கட்டும். சென்ற முறை மூன்று நாள் என்றால் இந்த முறையும் மூன்று நாளே. அப்போதுதான் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட முடியும்.

இந்த இடைவெளியில் யாராவது ஒரு சத்து மாத்திரையையோ லேகியத்தையோ கொடுப்பார்கள். ஆகஸ்டில் அதைத் தொடங்கிச் செப்டம்பரில் எண்ணிக்கை ஏறினால் எல்லோரும் மருந்துக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். செப்டம்பரில் வரும் விந்தணு ஜூன் கடைசியில் தொடங்கியது, அது ஏறியிருந்தால் முதல் காரணம் காய்ச்சல் விட்டதுதான். அப்படிப் பெயர் வாங்கிய மருந்துகளை அடுத்தவருக்கும் பரிந்துரைத்து, அவரும் காசு செலவழிப்பதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்திருக்கிறது. புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். அதன் பலனும் மூன்று மாதத்துக்குப் பிறகே தெரியும் என்பதால் இன்றே விடுவது நல்லது. மறுபடி காய்ச்சல் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், கணக்கு புதிதாகத் தொடங்கும். குளிருக்கு வாளியில் வெந்நீர் வைத்துக் குளிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அரைமணி நேரம் வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இதற்கிடையில் முயற்சியை நிறுத்தாதீர்கள். 2021-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனக் கையேட்டில் மில்லிக்கு 16 மில்லியன் என்று ஒரு கீழ் அளவு இருக்கிறது. ஓராண்டுக்குள் தந்தையானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்த அளவுக்குக் கீழே இருந்தார்கள் என்பதே அதன் பொருள். 7 மில்லியனில் கருத்தரிப்பது கடினம், முடியாததல்ல. ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் உங்கள் மனைவிக்கான பரிசோதனைகளையும் இந்த மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். ஜூன் காய்ச்சல் அதற்கு முந்தைய ஓராண்டை விளக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

செப்டம்பர் அறிக்கையில் 20, 30 மில்லியன் என்று வந்தால் ஜூலை அறிக்கையை மறந்துவிடலாம். 10, 12 என்று வந்தால் இன்னும் ஒரு மாதம் விட்டு ஒருமுறை பாருங்கள், ஒரே ஆளிடம் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் அதிகம். அப்போதும் ஏறவில்லை என்றால் சிறுநீரகவியல் அல்லது ஆண்மையியல் மருத்துவர் ஒருவர் உங்களைக் கைவைத்துப் பரிசோதிக்க வேண்டும். விந்தகத்தின் அளவையும், இடப்பக்க ரத்தநாளப் புடைப்பையும் பார்ப்பார். ஹார்மோனைக் காலை 10 மணிக்குள் மறுபடி எடுக்கச் சொல்வார். 5 மில்லியனுக்குக் கீழே இறங்கினால் குரோமோசோம் பரிசோதனையும் தேவைப்படும். நடுவில் விந்தகத்தில் வலியோ, கட்டியோ தட்டுப்பட்டால் மட்டும் செப்டம்பருக்குக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.